சேராத சந்தாவுக்கு அட்டையில் காசு போனால்: வங்கிக்கு எழுதும் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையில், அட்டை முறைப்பாடுகளை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் மேசையில் பல வருடம் இருந்தேன். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், கடிதத்தில் ஒரு சொல் பிசகியதால் காசை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே. நடுவில் வருகிற ரீச்சரின் கதை உண்மையில் நடந்தது. அடையாளம் தெரியாதபடி மட்டும் எழுதியிருக்கிறேன்.

வங்கிக் கூற்றில் தெரியாத பெயரில் மாதாமாதம் காசு போயிருக்கு. உடனே கடிதம் எழுதட்டா?

கடிதத்துக்கு முதல் ஒரு தொலைபேசி அழைப்பு. அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, அட்டையை முடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசிய நேரத்தையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கண்டாலும் அப்போதே எடுங்கள். அட்டையை முடக்கும் பிரிவு இரவு பகல் எந்நேரமும் இயங்கும்.

அனுமதி இல்லாமல் எடுத்தார்கள் என்று முறைப்பாடு செய்துவிட்டு அதே அட்டையைத் தொடர்ந்து பாவித்தால், முறைப்பாட்டின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். "வேறொருவர் கையில் உங்கள் அட்டை இலக்கம் இருக்கிறது என்கிறீர்கள், பிறகேன் அட்டையை மாற்றவில்லை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பழைய அட்டையில் மின்கட்டணமோ தொலைபேசிக் கட்டணமோ தானாகப் போய்க்கொண்டிருந்தால், புது அட்டை வந்ததும் அவற்றை மாற்ற வேண்டியிருக்கும். கரைச்சல்தான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

அழைப்பு முடிந்ததும் கடிதத்துக்கு உட்கார வேண்டாம். ஒரு அரை மணித்தியாலம் தேடிப் பாருங்கள்.

என்னத்தைத் தேடுவது?

உண்மையிலேயே நீங்கள் சேரவில்லையா என்பதைத்தான். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கூற்றில் வரும் பெயர் பல நேரம் கடையின் பெயராக இருக்காது. காசைச் சேகரித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் சுருக்கப் பெயர் முதலில் வரும், அதன்பின் ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் கடைப் பெயரில் பாதி. நட்சத்திரத்துக்குப் பின்னால் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டிய துப்பு.

மின்னஞ்சலில் அந்தப் பெயரைத் தேடுங்கள், குப்பைக் கோப்பையும் சேர்த்து. பிறகு தொகையைத் தேடுங்கள். 9.99 என்று தட்டினாலே சில நேரம் மறந்துபோன ரசீது வந்து நிற்கும். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் செயலிக் கடைக்குள் போய், சந்தாக்கள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசியாக, வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளைப் பின்னோக்கித் தள்ளி, முதற் கட்டணத்துக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை முன்னால் ஒரு டொலர் போலச் சின்னத் தொகை ஏதாவது பிடிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

ரீச்சரின் கதையைத் தொடங்க இதுதான் இடம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருப்பவர், உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். மே 20ஆம் திகதி கூற்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "நான் ஒண்டுக்கும் சேரேல்லை அண்ணை, காசு மட்டும் போகுது" என்றார். மார்ச் 14, ஏப்ரல் 14, மே 14 என்று மூன்று முறை 9.99 டொலர். ரூபாவில் 3,078, 3,091, 3,084. மொத்தம் 9,253 ரூபா. போனில் பழைய குறுஞ்செய்திகளைத் தேடினோம். மார்ச் 7ஆம் திகதி அதே பெயரில் 1.00 டொலர் பிடித்து, பிறகு விடுவித்திருந்தார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த ஏழு நாள் இடைவெளியைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. ஒரு கிழமை இலவசம், அதன்பின் மாதாந்தக் கட்டணம் என்ற திட்டத்தில் யாரோ ரீச்சரின் அட்டை இலக்கத்தைக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார்கள். அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு டொலர்.

கடிதத்தில் எதை எழுதினால் வேலை நடக்கும்?

முதலில், உங்கள் கடிதம் கொழும்புக்குப் போனதும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அட்டைப் பிரிவில் ஒருவர் அதை வாசித்து, விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பின் விதிகளில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தெரிவு செய்து, கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புவார். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். சந்தா விவகாரத்தில் பொதுவாகப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, அட்டைக்காரர் இதற்கு அனுமதியே கொடுக்கவில்லை, இது மோசடி என்பது. மற்றது, அட்டைக்காரர் சேர்ந்தார், பிறகு இரத்துச் செய்தார், அதற்குப் பிறகும் எடுத்தார்கள் என்பது. விசாவில் முதலாவதற்கு 10.4 என்றும் இரண்டாவதற்கு 13.2 என்றும் இலக்கம்.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. இரத்துச் செய்தேன் என்றால் சேர்ந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சேரவே இல்லை என்றால் இரத்துச் செய்ய எதுவும் இருக்காது. கோபத்தில் எழுதும் கடிதங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. "நான் இதற்குச் சேரவில்லை, எத்தனை முறை நிறுத்தச் சொல்லியும் இந்தச் சந்தாவை நிறுத்துகிறார்கள் இல்லை" என்று ஒரே வசனத்தில் எழுதியதை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எழுதியவருக்கு அது ஒரே முறைப்பாடு. வாசிக்கும் அலுவலர் எந்தக் காரணத்தைத் தெரிவு செய்தாலும், மறுபக்கம் அந்த வசனத்தின் மற்றப் பாதியைக் காட்டித் தப்பிவிடும்.

ஆகவே ஒரேயொரு வசனத்தைக் கடிதத்தின் முதுகெலும்பாக வையுங்கள்: "இந்தச் சந்தாவில் நான் சேரவில்லை; இந்தக் கட்டணத்துக்கு நானோ என் சார்பில் வேறு எவருமோ அனுமதி கொடுக்கவில்லை; இதன் சேவையை நான் பெறவும் இல்லை." மூன்று பகுதியும் உண்மையாக இருந்தால் மட்டும் இதை எழுதுங்கள். ஒன்று உண்மை இல்லையென்றாலும் உங்களுடையது வேறு வகை முறைப்பாடு, அதற்கு வேறு கடிதம்.

நான் அவசரப்பட்டு அந்தக் கொம்பனிக்கு ஏற்கெனவே "என் சந்தாவை நிறுத்துங்கோ" என்று மின்னஞ்சல் போட்டுட்டன். கெட்டுப்போச்சா?

ரீச்சரும் இதையேதான் செய்திருந்தார். இணையத்தில் அந்தப் பெயரைத் தேடி, ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, "எனது சந்தாவை இரத்துச் செய்யவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். "எனது" என்ற அந்த ஒரு சொல் மறுபக்கத்துக்கு ஆயுதம். பார், அவரே தன் சந்தா என்கிறார் என்பார்கள்.

ஆனால் வந்த பதிலை அவர் கவனமாக வாசிக்கவில்லை. "இந்த மின்னஞ்சல் முகவரியில் எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை" என்று அதில் இருந்தது. உதவி செய்ய மறுக்கிறார்கள் என்று நினைத்து ரீச்சர் அதை அழிக்கப் பார்த்திருக்கிறார். எனக்கோ அதை வாசித்ததும் பெரிய ஆறுதல். ரீச்சருக்கு இருப்பது அந்த ஒரே மின்னஞ்சல்தான். அதில் கணக்கு இல்லை என்று நிறுவனமே எழுதித் தந்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்தோம். "பதற்றத்தில் 'எனது சந்தா' என்று எழுதினேன்; எனக்கு அங்கே கணக்கு இல்லை என்பதை அவர்களின் பதிலே காட்டுகிறது" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். மறைக்காமல் நாமே முதலில் சொல்லிவிட்டதால், பிறகு அது ஒரு கேள்வியாகவே வரவில்லை.

நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால், மோசடி என்ற முறைப்பாட்டுக்கு முதலில் கடைக்காரரோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதத்தான் விருப்பம் என்றால் இப்படி எழுதுங்கள்: "என் அட்டையிலிருந்து நீங்கள் காசு எடுத்திருக்கிறீர்கள். உங்களிடம் எனக்குக் கணக்கு இல்லை. இந்தக் கட்டணம் யாருடைய கணக்குக்காக எடுக்கப்பட்டது?" அட்டையின் முழு இலக்கத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு ஓடிபி வரவே இல்லை. அது இல்லாமல் எப்படி எடுக்கலாம்?

எடுக்கலாம். வெளிநாட்டுக் கடைகள் பல ஓடிபி கேட்பதில்லை. அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்து மூன்று இலக்கம் இருந்தால் போதும். கேட்கிற கடைகளிலும் முதல் முறை மட்டும்தான். மாதாமாதம் எடுப்பது கடைக்காரர் பக்கத்திலிருந்து தொடங்கும் கட்டணம் என்பதால், அதற்கு நீங்கள் போனைத் தொடவே தேவையில்லை.

ஓடிபி வராதது உங்களுக்கு நல்லது. அந்தச் சரிபார்ப்பைச் செய்யாத கடைதான் மோசடியின் நட்டத்தைத் தாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே "மார்ச் 7ஆம் திகதியோ அதன்பின்போ இந்தப் பெயரில் எனக்கு ஓடிபி வரவில்லை, நான் எவருக்கும் கொடுக்கவும் இல்லை" என்று தெளிவாக எழுதுங்கள்.

ஓடிபி வந்து நீங்களே அதைத் தட்டியிருந்தால் கதை மாறிவிடும். "உங்கள் பொதி தபாலகத்தில் இருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று வரும் பொய்க் குறுஞ்செய்தியை நம்பி அட்டை விபரத்தையும் ஓடிபியையும் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அப்படி நடந்திருந்தால் நடந்ததை அப்படியே எழுதுங்கள், ஓடிபி வரவில்லை என்று எழுத வேண்டாம். எந்தக் கட்டணத்துக்கு ஓடிபி சரிபார்க்கப்பட்டது என்ற பதிவு வங்கியிடம் இருக்கிறது. ஒரு பொய் பிடிபட்டால் மற்றைய உண்மைகளும் எடுபடாது.

என்ர மகன் போனில் ஏதோ அழுத்தியிருப்பான் போலிருக்கு. அதையும் மோசடி என்று எழுதலாமா?

வேண்டாம். வீட்டில் ஒருவர் அழுத்தியது வலையமைப்பின் பார்வையில் மோசடி அல்ல. செயலிக் கடை வழியாகப் போன கட்டணம் என்றால், அந்தக் கடையிலேயே கொள்வனவு வரலாற்றுக்குள் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழி இருக்கிறது. பிள்ளை தெரியாமல் வாங்கியது என்ற காரணமும் அங்கே ஏற்கப்படுகிறது. கட்டணம் போய் ஒன்றிரண்டு நாளுக்குள் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வங்கி வழியாகச் சண்டை பிடித்தால் அந்தச் செயலிக் கடைக் கணக்கே முடக்கப்படலாம்.

நீங்களே இலவச நாட்களுக்காகச் சேர்ந்து மறந்துபோனதும் இதே மாதிரித்தான், மோசடி ஆகாது. ஆனாலும் அங்கே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விசாவின் விதிப்படி, இலவச நாட்களுக்குப் பிறகு கட்டணம் எடுக்கும் கடை, சேரும்போதே நிபந்தனைகளை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்ப வேண்டும். முதற் கட்டணத்துக்கு முன்னாலும் நினைவூட்ட வேண்டும். அப்படி ஒன்றும் வரவில்லை என்றால் அதையே முறைப்பாடாக எழுதுங்கள். "சேரவில்லை" என்று எழுதாதீர்கள்.

பழசை விடுவம், இந்த மாதக் காசை மட்டும் கேட்டால் போதாதா?

போதாது. பழையதை விட்டால் இந்த மாதத்துக் காசும் போகலாம்.

மோசடி முறைப்பாட்டுக்கு விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பொதுவான எல்லை, ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பதிவான நாளிலிருந்து 120 நாள். ரீச்சரின் மார்ச் 14 கட்டணத்துக்கு இந்த எல்லை ஜூலை 12. அது வங்கி வலையமைப்புக்கு அனுப்பி முடிக்க வேண்டிய நாள். கடிதம் கிளையிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரு மேசையில் கிடந்து, திறக்கப்படும் நேரமும் அதற்குள் அடங்கும். அதனால்தான் வங்கிகள் தங்கள் கூற்றிலும் படிவத்திலும் இதைவிடக் குறுகிய நாட்கணக்கைப் போட்டிருக்கின்றன. உங்கள் கூற்றின் அடியிலோ பின்பக்கத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும், அந்தக் கணக்கையே பின்பற்றுங்கள்.

2023 ஏப்ரல் முதல் விசாவில் இன்னொரு விதியும் இருக்கிறது. 120 நாளுக்கு மேற்பட்ட, ஒரு வருடத்துக்கு உட்பட்ட இரண்டு பழைய கட்டணங்களை நீங்கள் கேள்வி கேட்காமல் விட்டிருந்து, அவை இப்போதைய கட்டணத்தின் அதே கருவியிலிருந்தோ அதே இணைய இணைப்பின் ஐபி முகவரியிலிருந்தோ வந்தவை என்று கடை காட்டினால், மோசடி என்ற உங்கள் முறைப்பாடு அங்கேயே முடிந்துவிடலாம். திருடன் ஒரே போனிலிருந்து எட்டு மாதம் பாவித்திருந்தால், அந்தத் தொடர்ச்சியே உங்களுக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். சின்னத் தொகைதானே என்று விட்டவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள். ஆகவே முதலாவது கட்டணத்திலிருந்து எல்லாவற்றையும் பட்டியலில் போடுங்கள். 120 நாள் கடந்தவற்றையும் போடுங்கள். காசு திரும்பாவிட்டாலும், அவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதாவது எழுத்தில் இருக்கும்.

ஒரு மாதிரிக் கடிதம் தாங்கோ.

ரீச்சருக்கு எழுதியதைத் தருகிறேன். அடையாளங்களை எடுத்துவிட்டேன். கோடிட்ட இடங்களை உங்கள் விபரத்தால் நிரப்புங்கள்.

> திகதி: மே 21
>
> பொறுப்பதிகாரி,
> அட்டை முறைப்பாட்டுப் பிரிவு,
> (வங்கியின் பெயர்), கொழும்பு.
>
> ஊடாக: கிளை முகாமையாளர், யாழ்ப்பாணக் கிளை.
>
> ஐயா / அம்மணி,
>
> அனுமதி அளிக்காத சந்தாக் கட்டணங்கள் – கடைசி நான்கு இலக்கம் ____ கொண்ட அட்டை
>
> மேற்படி அட்டை என்னுடையது. கூற்றில் "________" என்ற பெயரில் கீழ்வரும் கட்டணங்கள் எடுக்கப்பட்டுள்ளன:
>
> மார்ச் 14 – 9.99 டொலர் – 3,078 ரூபா
> ஏப்ரல் 14 – 9.99 டொலர் – 3,091 ரூபா
> மே 14 – 9.99 டொலர் – 3,084 ரூபா
> மொத்தம் 9,253 ரூபா
>
> இதற்கு முன் மார்ச் 7ஆம் திகதி இதே பெயரில் 1.00 டொலர் பிடிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டது.
>
> இந்தச் சந்தாவில் நான் சேரவில்லை. இந்தக் கட்டணங்களுக்கு நானோ என் சார்பில் வேறு எவருமோ அனுமதி கொடுக்கவில்லை. இதன் சேவையை நான் பெறவும் இல்லை. அட்டை எப்போதும் என் கைவசமே இருந்தது. இந்தப் பெயரில் எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை.
>
> மே 20ஆம் திகதி மாலை 6.40 மணிக்குத் தொலைபேசியில் அறிவித்து அட்டையை முடக்கினேன். முறைப்பாட்டு இலக்கம் ____.
>
> மே 19ஆம் திகதி அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதற்றத்தில் அதில் "எனது சந்தா" என்று எழுதினேன். என் முகவரியில் கணக்கு எதுவும் இல்லை என்று அவர்கள் அளித்த பதிலை இணைத்துள்ளேன்.
>
> ஆகவே தயவுசெய்து,
> மூன்று கட்டணங்களையும் மோசடிக் கட்டணங்களாகப் பதிந்து சார்ஜ்பேக் செய்யவும்;
> அவற்றோடு அறவிடப்பட்ட வெளிநாட்டு நாணயக் கட்டணத்தையும் வரிகளையும் திருப்பித் தரவும்;
> இந்த நிறுவனம் என் புதிய அட்டையிலிருந்து எடுப்பதைத் தடுக்கவும்;
> வலையமைப்புக்கு அனுப்பிய திகதியை எனக்கு எழுத்தில் அறிவிக்கவும்.
>
> இணைப்பு: கூற்றுகள் மூன்று, மார்ச் 7 குறுஞ்செய்தியின் படம், மின்னஞ்சல்கள் இரண்டு, தேசிய அடையாள அட்டைப் பிரதி.
>
> உண்மையுள்ள,
> (கையொப்பம், பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்)

அட்டை இலக்கம் எப்படி வெளியே போனது என்று இதில் ஒரு வரியும் இல்லை. ரீச்சருக்கு ஒரு கடையின் மேல் சந்தேகம் இருந்தது. ஊகத்தை எழுதினால் முறைப்பாடு அந்தக் கடைப் பக்கம் திரும்பி, உங்கள் காசு பின்னுக்குப் போய்விடும். கடைசி வேண்டுகோளையும் விட்டுவிடாதீர்கள். அனுப்பிய திகதியை எழுத்தில் கேட்ட கடிதம் மேசையில் அதிக நாள் கிடக்காது, இது நான் அனுபவத்தில் கண்டது.

முழு அட்டை இலக்கம், பின்புறத்து மூன்று இலக்கம், இரகசிய PIN இலக்கம் எதையும் கடிதத்தில் எழுதக் கூடாது.

தமிழில் எழுதலாமா, இல்லாட்டி ஆங்கிலம்தானா?

தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் கடைக்காரரின் பெயரை மட்டும் கூற்றில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, நட்சத்திரக் குறியோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் கட்டணத்தைத் தேடுவார்கள். வங்கியின் முறைப்பாட்டுப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் காரணத்தைக் குறிக்கும் கட்டங்கள் உண்டு. எது அனுமதி இல்லாத கட்டணம், எது இரத்துச் செய்த சந்தா என்று கிளை அலுவலரிடம் கேட்டு, விளங்கிக்கொண்டு அடையாளமிடுங்கள். கடிதத்தில் ஒன்று, படிவத்தில் இன்னொன்று என்றால் படிவம்தான் எடுபடும்.

எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது?

ஆஸ்பத்திரி வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ உங்கள் கிளை எதுவோ, அங்கேயே கொடுக்கலாம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் திகதியோடு முத்திரை வைத்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். "வைச்சிட்டுப் போங்கோ, அனுப்பிறம்" என்றால் முத்திரை வரும் வரை நில்லுங்கள். அதையே அட்டைப் பிரிவின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருக்கலாம்.

கடனட்டை எண்டால், இந்த மாத பில்லைக் கட்டாமல் விடலாமோ?

முழுசாக விடாதீர்கள். முறைப்பாடு செய்த தொகையை முடிவு வரும் வரை நிறுத்தி வைக்கும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மற்றத் தொகையைக் கட்டுங்கள். நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்கள் என்ற பதில் கையில் இல்லாவிட்டால் அந்தத் தொகையையும் கட்டுவதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், பிறகு அவற்றுக்கு வேறு முறைப்பாடு. டெபிட் கார்ட் என்றால் காசு கணக்கிலிருந்து ஏற்கெனவே போய்விட்டது. தற்காலிகமாக வரவு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில வங்கிகள் வைக்கும், சில முடிவு வரும் வரை காத்திருக்கும்.

புது அட்டையும் எடுத்தாச்சு. அதிலையும் காசு போகுதே!

இலக்கம் மாறிய பிறகு எப்படி என்று ஆட்கள் திகைத்துப் போவார்கள். வலையமைப்புகளில் ஒரு சேவை இருக்கிறது: அட்டை மாறினால், அதில் மாதாமாதம் கட்டணம் எடுக்கும் கடைகளுக்குப் புது இலக்கத்தை அறிவிக்கும். உண்மையான சந்தா தடைப்படக் கூடாது என்பதற்காக வந்தது, திருட்டுச் சந்தாவுக்கும் அதே கதவு திறந்துவிடுகிறது. பழைய அட்டை சாதாரணமாகப் புதுப்பிக்கப்பட்டது என்று பதிவானால் இப்படி நடக்கலாம். ஆகவே, "மோசடி காரணமாக மூடப்பட்டது" என்று பதியச் சொல்லுங்கள். அந்தக் கடைக்குத் தடை போடும்படி கடிதத்தில் கேட்டதும் இதற்காகத்தான்.

வங்கி முடியாது எண்டு பதில் அனுப்பினால்?

முதலில், கடை கொடுத்த ஆதாரத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் எந்த மின்னஞ்சல், எந்தப் பெயர், எந்த ஐபி முகவரி என்று இருக்கும். உங்களுடையது அல்லாத ஒன்று அதில் இருந்தால், அதைச் சுட்டி மறுகடிதம் எழுதுங்கள். இதற்கும் நாட்கணக்கு உண்டு, பதில் கிடைத்த கிழமையே எழுதிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் இலங்கை மத்திய வங்கியில் நிதி வாடிக்கையாளர் விவகாரங்களுக்கென ஒரு திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. வங்கியிடம் எழுத்தில் முறைப்பாடு செய்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். முத்திரை வைத்த அந்தப் பிரதி அங்கே கைகொடுக்கும். வங்கி முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், கட்டணம் இல்லை.

எவ்வளவு நாளில் முடிவு தெரியும்? காசு வந்ததை எப்படி அறியிறது?

கடைக்காரரின் வங்கிக்குப் பதில் சொல்ல விசாவில் 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள். மறுத்துப் பதில் போட்டால் இன்னொரு சுற்று. ஆகவே இரண்டு மூன்று மாதம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் தற்காலிக வரவு. மறுபக்கம் வென்றால் அதைத் திருப்பி எடுப்பார்கள். முடிவானது என்று கடிதமோ மின்னஞ்சலோ வரும் வரை அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இடையில் கடையே காசைத் திருப்பி அனுப்பினால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வாங்கினால் ஒன்று கழிக்கப்படும், உங்கள் பெயரும் கெடும்.

ரீச்சருக்கு ஜூன் நடுப்பகுதியில் தற்காலிக வரவு வந்தது. கடைக்காரரின் வங்கி பதிலே போடவில்லை. முடிவுக் கடிதம் ஓகஸ்டில் வந்தது. ஆனால் வரவு வைத்தது 9,118 ரூபா. டொலரை அன்றைய விலைக்கு மாற்றியிருக்கிறார்கள், நாணய மாற்றுக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. 135 ரூபாவுக்கு இன்னொரு கடிதமா என்று ரீச்சர் தயங்கினார். முதற் கடிதத்தின் இரண்டாவது வேண்டுகோளைச் சுட்டி இரண்டே வரி எழுதிக் கொடுத்தோம். அடுத்த கூற்றில் அந்த 135 ரூபாவும் தனி வரியாக வந்திருந்தது.